ஆன்லைன் நகைப் படத்தில் தெரியும் ஹால்மார்க்கை நம்பலாமா? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பாளையங்கோட்டையில் நகை மதிப்பீட்டு வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் நகையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பார்கள். இப்போது செல்போனை நீட்டுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவிலோ இன்ஸ்டாகிராமிலோ யாரோ போட்ட படத்தில் ஹால்மார்க் முத்திரை தெரியும். வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்தப் படத்தை வைத்தே சொல்லச் சொல்கிறார்கள். ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

ஹால்மார்க்னா மூணு முத்திரைங்காங்க, நாலுங்காங்க. எது சரி?

இரண்டும் சரிதான், காலம்தான் வேறு. 2021 ஜூலை 1-க்குப் பிறகு போடுகிற முத்திரையில் மூன்று இருக்கும். முதலில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் சின்னம், அதாவது உள்ளே புள்ளி வைத்த முக்கோணம். அடுத்து தரம், 22 காரட் என்றால் 22K916, 18 காரட் என்றால் 18K750. மூன்றாவது, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண். இதைத்தான் எச்.யு.ஐ.டி. என்கிறார்கள். ஒரு நகைக்குக் கொடுத்த எண்ணை இன்னொரு நகைக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அதற்கு முந்திய சில ஆண்டுகளின் நகையில் நான்கு இருக்கும்: பிஐஎஸ் சின்னம், தரம், சோதனை மையத்தின் அடையாளம், நகைக்கடையின் அடையாளம். ஆறு இலக்க எண் இருக்காது. உங்கள் வீட்டு நகையில் அப்படி இருந்தால் பயப்பட வேண்டாம், அது பழைய முறை, அவ்வளவுதான். ஆனால் 2023 ஏப்ரலில் இருந்து கடைகள் அந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. "புதுசாச் செஞ்சது" என்று சொல்லி ஒரு கடை நான்கு முத்திரைப் படத்தைக் காட்டினால் அங்கேயே நின்று கேளுங்கள்.

படத்துல எழுத்து பளிச்சுனு தெரியுதே, இதுல என்ன சந்தேகம்?

பளிச்சென்று தெரிவதுதான் எனக்கு முதல் சந்தேகம். இந்த முத்திரை லேசரால் போடுவது. அத்தனையும் சேர்ந்தே சில மில்லிமீட்டர்தான் வரும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துத்தான் நானே வாசிக்கிறேன். செல்போனை அவ்வளவு கிட்டே கொண்டுபோனால் நகையின் ஒரு பகுதி தெளிவாகவும், முன்னாலும் பின்னாலும் மங்கலாகவும் விழும். எழுத்து எந்த ஆழத்தில் இருக்கிறதோ, அதே ஆழத்தில் உள்ள உலோகமும் எழுத்தைப் போலவே தெளிவாக இருக்க வேண்டும். எழுத்து மட்டும் கத்தி மாதிரி கூர்மையாக இருந்து, அதைச் சுற்றி உள்ள தங்கம் மங்கலாக இருந்தால் அது ஒட்டு வேலை.

அடுத்து வளைவைப் பாருங்கள். வளையலின் உள்பக்கம் வளைந்திருக்கும். அதில் போட்ட எழுத்து வரிசையும் அந்த வளைவோடு சேர்ந்து, ஓரத்துக்குப் போகப்போகக் குறுகித் தெரியும். ஒட்டிய எழுத்து அடிக்கோல் வைத்து எழுதியது போல நேராக நிற்கும். மூன்றாவதாகக் கீறலைப் பாருங்கள். கொஞ்ச நாள் போட்ட நகையாக இருந்தால் மெல்லிய கீறல்கள் எழுத்தின் குறுக்காகவும் ஓடும். கீறல் எல்லாம் எழுத்துக்கு முன்னால் வந்து நின்று, எழுத்தைத் தாண்டி மறுபடியும் தொடங்கினால், அந்த இடத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது.

ஒரே ஒரு குறியை மட்டும் வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். செல்போன் கேமராவே எழுத்தின் ஓரத்தைக் கூர்மையாக்கிக் காட்டும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எழுத்தைச் சுற்றி அழுக்குப் போலக் கட்டம் கட்டமாக விழும். நேர்மையான கடைக்காரர் அனுப்பும் படத்திலும் இவை இருக்கும். இரண்டு மூன்று குறிகள் சேர்ந்து வந்தால்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

ஆப்ல அந்த நம்பரப் போட்டேன், சரியா வந்துட்டு. இனி வாங்கலாம்லா?

வாங்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். BIS Care செயலியில் Verify HUID என்ற இடத்தில் எண்ணைப் போட்டால், அப்படி ஒரு எண் உண்மையில் வழங்கப்பட்டதா என்று தெரியும். அந்த எண் நீங்கள் படத்தில் பார்க்கிற நகையின் மேல்தான் இருக்கிறதா என்பது தெரியாது. உண்மையான ஒரு மோதிரத்தின் எண்ணைப் படம் எடுத்து, கவரிங் ஆரத்தின் படத்தோடு சேர்த்து அனுப்பினாலும் செயலி சரி என்றுதான் சொல்லும்.

ஆனால் செயலி எண்ணோடு வேறு தகவலும் தருகிறது. முக்கால்வாசிப் பேர் எண் சரி என்று வந்ததைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். கீழே இறங்கிப் படியுங்கள். எந்த வகை நகை, என்ன தரம், எந்த நகைக்கடையின் பதிவு, எந்த மையத்தில் முத்திரை போட்டது, எந்தத் தேதியில் போட்டது என்று இருக்கும். இரவல் எண் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

எங்க மைனி அஞ்சு பவுன் ஆரம் ஒண்ணு பாத்து வச்சிருக்கா. மூணு படம் வந்திருக்கு. நீங்க பாத்துச் சொல்லுங்களேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ஒருவர் காட்டிய படங்கள் இவை. எப்படிப் பார்த்தேன் என்பதை முழுதாகவே சொல்கிறேன். முதல் படத்தில் ஒரு பெண்ணின் கழுத்தில் ஆரம். இரண்டாவதில் சிவப்பு வெல்வெட்டில் ஆரம் மட்டும். மூன்றாவதில் முத்திரை மட்டும், மிகக் கிட்டத்தில். போன வாரம்தான் செய்து வந்த புது உருப்படி என்று விற்பவர் எழுதியிருந்தார்.

மூன்றாவது படத்தில் முதலில் ஒட்டு வேலை இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. எழுத்தும் உலோகமும் ஒரே அளவு தெளிவு, கீறல் எழுத்தின் மேலேயே ஓடுகிறது. படம் சுத்தமான உண்மைப் படம். பிறகு அந்த உலோகத்தின் வடிவத்தைப் பார்த்தேன். எழுத்து இருந்த இடம் உட்புறமாகக் குழிந்து, இரண்டு ஓரமும் மேலே ஏறி, வெளிச்சம் பிறை மாதிரி விழுந்திருந்தது. அது ஒரு சிறிய வட்டத்தின் உள்பக்கம். வெல்வெட் படத்தில் இருந்த ஆரத்தில் தட்டையான பூ இதழ்களும், கொக்கியும், மெல்லிய சங்கிலியும்தான். அப்படி ஒரு குழிவு அதில் எங்கேயும் இல்லை.

எண்ணைச் செயலியில் போட்டோம். தரம் 22K916 என்று சரியாக வந்தது. வகை என்ற இடத்தில் மோதிரம் என்று இருந்தது. முத்திரை போட்ட தேதி விற்பவர் சொன்ன "போன வாரத்துக்கு" ஒன்றரை ஆண்டு முந்தியது. யாரோ ஒருவரின் நல்ல மோதிரத்தின் படத்தை இரவல் வாங்கி ஆரத்தோடு சேர்த்திருக்கிறார்கள். ஒட்டு வேலையை மட்டும் தேடியிருந்தால் நானும் சரி என்று சொல்லியிருப்பேன். கிட்டத்துப் படத்தைப் பார்க்கும்போது எழுத்தை மட்டும் வாசிக்காமல், "இந்த உலோகம் நகையின் எந்த இடம்?" என்று கேளுங்கள். தூரப் படத்தில் அந்த இடத்தைக் கைகாட்ட முடியவில்லை என்றால் அந்த முத்திரை அந்த நகையுடையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்போ நம்பர் அந்த நகைமேலதான் இருக்குன்னு எப்படிப் பாக்கது?

வெட்டாத ஒரே வீடியோ கேளுங்கள். முதலில் நகை முழுவதும் தராசின் மேல் இருக்க வேண்டும், எடை தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு காகிதத்தில் நீங்கள் அப்போது சொல்கிற ஒரு வார்த்தையைக் கையால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். "தாமிரபரணி செவ்வாய்" என்று எதையாவது சொல்லலாம். முன்கூட்டியே அவர் ஊகிக்க முடியாததாக இருந்தால் போதும். பிறகு கேமராவை நிறுத்தாமல் நகையைக் கையில் எடுத்து, முத்திரை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்ட வேண்டும். மறுபடி முழு நகைக்கு வர வேண்டும்.

சாய்ப்பதுதான் இதில் முக்கியம். லேசர் பட்ட இடம் சுற்றியுள்ள பளபளப்பிலிருந்து வேறுபட்டு ஒளியைத் திருப்பும். அதனால் சாய்க்கும்போது எழுத்து ஒரு கோணத்தில் கறுப்பாகவும் இன்னொரு கோணத்தில் வெளுப்பாகவும் தெரியும், சில கோணத்தில் மறைந்தே போகும். அச்சடித்து ஒட்டியது அப்படி மாறாது. செல்போனுக்கு எழுத்து பிடிபடவில்லை என்றால் கேமராவின் முன் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எடுக்கலாம். நகைக் கடையில் அந்தக் கண்ணாடி இல்லாமல் இருக்காது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. வீடியோவில் பார்த்த நகையே பார்சலில் வரும் என்பதற்கு வீடியோ சாட்சி இல்லை. நல்ல நகையிலிருந்து முத்திரை உள்ள துண்டை வெட்டி எடுத்து, மட்டமான நகையில் பற்ற வைக்கிற வேலையும் நடக்கிறது. அதில் முத்திரையும் உண்மை, எண்ணும் உண்மை, வீடியோவும் உண்மை. முத்திரைத் துண்டைச் சுற்றிப் பற்றுக் கோடு தெரிகிறதா, அந்த இடத்தின் நிறம் மட்டும் வேறாக இருக்கிறதா என்று பார்க்கலாம். உறுதியாகச் சொல்ல நகை கையில் வந்தால்தான் முடியும்.

வீடியோ கேட்டா "நம்பிக்கை இல்லைன்னா விட்ருங்க"ங்காரு. ரொம்பக் கேக்கமோ?

இல்லை. இரண்டு நிமிட வேலை. டவுன் ரத வீதியில் கடைக்குள் போனால் நகையைப் புரட்டிப் பார்க்காமல் நீங்கள் காசு கொடுப்பீர்களா? அதே உரிமைதான் இது. விட்டுவிடுங்கள்.

படத்த கூகுள்ல தேடிப் பாத்தேன், வேற எங்கயும் இல்ல. அப்போ அவிய சொந்தப் படம்தானே?

தேடலில் வேறொருவரின் பழைய பதிவில் கிடைத்தால் இரவல் என்பது கிட்டத்தட்ட உறுதி. கிடைக்காவிட்டால் சொந்தம் என்பது உறுதி இல்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் மூடிய குழுக்களிலும் சுற்றுகிற படங்கள் தேடலுக்கு அகப்படாது. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டாலோ ஓரத்தை வெட்டினாலோ நிறத்தை மாற்றினாலோ தேடல் தடுமாறும்.

அதனால் ஒரே படத்தை நாலு விதமாகத் தேடுங்கள். முழுப் படமாக ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை, பதக்கத்தை மட்டும் வெட்டி ஒரு தடவை, பின்னால் தெரியும் மேஜையையோ துணியையோ மட்டும் வைத்து ஒரு தடவை. திருப்பிய படத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு: படத்தில் எங்காவது எழுத்தோ கடிகாரமோ இருந்தால் இடவலம் மாறித் தெரியும். அதோடு அந்தப் பக்கத்தின் பழைய பதிவுகளையும் புரட்டிப் பாருங்கள். ஒரு கடையின் படங்கள் என்றால் அதே மேஜை, அதே துணி, அதே வெளிச்சம், அதே கை திரும்பத் திரும்ப வரும். ஒரு படத்தில் வெள்ளைப் பளிங்கு, அடுத்ததில் நீல வெல்வெட், அடுத்ததில் வேறொரு ஆளின் கை என்று ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து வந்தது போல இருந்தால், பத்து இடத்தில் பொறுக்கிய படங்கள் அவை.

எடுத்த தேதி படத்துக்குள்ளயே இருக்குமாமே?

கேமராவிலிருந்து வரும் மூலக் கோப்பில் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொன்னால் பெரும்பாலும் அப்படியே வரும். ஆனால் அந்தத் தேதியையும் மாற்றலாம். நான் இதை நம்பி எந்த முடிவும் எடுப்பதில்லை. மேலே சொன்ன காகிதத்தில் எழுதிய வார்த்தை இதைவிட நல்ல சாட்சி.

"916 கேடிஎம்"னு எழுதியிருக்கு, அது ஹால்மார்க்தானே?

அது ஹால்மார்க் இல்லை. கேடிஎம் என்பது காட்மியம் கலந்த பற்று வைத்ததைச் சொல்கிற பழைய கடைப் பேச்சு. தரத்தைச் சோதித்து யாரும் முத்திரை போட்டார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்தப் பக்கத்தின் முதல் பதிலில் சொன்ன மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சர்டிபிகேட்டும் அனுப்பியிருக்காவ அண்ணாச்சி, சீலெல்லாம் இருக்கு.

தங்க நகை ஒவ்வொன்றுக்கும் வாங்குபவர் கையில் கொடுக்க பிஐஎஸ் தனியாகச் சான்றிதழ் அச்சடித்துத் தருவதில்லை. நகைமேல் இருக்கும் முத்திரைதான் சான்று, கடை தருகிற பில்தான் காகிதம். ஆகவே மூவண்ணப் பட்டையும் பொன் நிற சீலும் வைத்து, "ஹால்மார்க் சான்றிதழ்" என்று தலைப்புப் போட்ட காகிதத்தைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். கடை தன் பெயரில் தரும் உறுதி அட்டையாக அது இருக்கலாம். அந்தக் கடை எவ்வளவு நம்பகமோ அந்த அட்டையும் அவ்வளவுதான்.

பில்லைக் கேளுங்கள். ஹால்மார்க் நகைக்கான பில்லில் ஒவ்வொரு உருப்படியின் விவரம், தங்கத்தின் நிகர எடை, காரட்டும் தரமும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். கல் நகையில் நிகர எடை மிக முக்கியம். கல்லோடு சேர்ந்த எடையை மட்டும் போட்ட பில்லில் கல்லுக்கும் தங்க விலை கொடுத்துவிடுவீர்கள். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம் கொண்டது, தமிழ்நாட்டில் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். அரசின் ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டால் யாருடைய பெயர் என்று வரும்.

பில்லைத் திருத்தியிருந்தா எப்படித் தெரியும்?

எழுத்துருவைப் பார்ப்பதை விடக் கணக்குப் போட்டுப் பார்ப்பது சுலபம். திருத்துகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற எடையையும் மொத்தத்தையும் மாற்றுவார்கள், நடுவில் உள்ள வரியை மறந்துவிடுவார்கள்.

ஒரு பில் படம் வந்தது. எடை 16.000 கிராம், அதாவது இரண்டு பவுன். கிராம் விலை 9,000 ரூபாய், சேதாரம் 10 சதவீதம். மொத்தம் 1,63,152 ரூபாய். கணக்குப்படி 16 கிராமுக்கு 1,44,000, சேதாரம் 14,400, கூட்டினால் 1,58,400. தங்க நகைக்கு 3 சதவீத வரி 4,752. மொத்தம் சரியாக 1,63,152 வருகிறது. ஆனால் பில்லில் வரி இரண்டு வரிகளாக, ஒன்றரை சதவீதத்துக்கு 1,782 வீதம் அச்சாகியிருந்தது. இரண்டும் சேர்ந்தால் 3,564தான். அது 1,18,800 ரூபாய்க்கான வரி. அதில் சேதாரத்தைக் கழித்தால் 1,08,000. கிராம் 9,000 என்றால் 12 கிராம். உண்மையான பில் ஒன்றரைப் பவுனுக்கு உரியது. யாரோ அதை இரண்டாக்கியிருக்கிறார்கள். சில பில்களில் தள்ளுபடியும் ஹால்மார்க் கட்டணத்துக்கான தனி வரியும் இருக்கும், அவற்றையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

பாட்டி காலத்துப் பாம்படம்னு விக்காங்க. அதுலயும் ஹால்மார்க் படம் இருக்கே?

அந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஆறு இலக்க எண்ணோடு முத்திரை இருந்தால் அது 2021-க்குப் பிறகு முத்திரை வாங்கியது. எண்பது வருஷத்துப் பாம்படம் என்ற கதையும் அந்தப் படமும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் உருப்படி புதிது, அல்லது படம் இரவல். பழைய பாம்படத்தில் முத்திரை இல்லாமல் இருப்பதுதான் இயல்பு. தனி ஆள் தன் வீட்டுப் பழைய நகையை விற்கும்போது முத்திரை இல்லையே என்று அவரைச் சந்தேகப்படவும் கூடாது.

பாம்படத்தில் வேறொரு கவலை இருக்கிறது. மெல்லிய தங்கத் தகட்டால் செய்து உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். தராசில் தெரிகிற எடை தங்கத்தின் எடை இல்லை. எவ்வளவு நல்ல படம் வந்தாலும் உள்ளே எவ்வளவு அரக்கு என்பதைப் படம் சொல்லாது. எனவே படத்தைப் பார்த்துப் பவுன் கணக்கில் பாம்படத்துக்கு விலை பேசவே கூடாது என்பது என் கருத்து.

காசு அனுப்பியாச்சு, பார்சலும் வந்துட்டு. இப்ப என்ன செய்ய?

பிரிக்கும் முன்பே வீடியோவை ஓட விடுங்கள். பார்சலின் மேல் உள்ள முகவரிச் சீட்டு, ஒட்டு பிரியாத நாலு பக்கம், திறப்பது, நகை, எடை, முத்திரை என்று நிறுத்தாமல் எடுங்கள். வந்த நகையின் எண்ணும் அனுப்பிய படத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். 8 என்பதும் B என்பதும், 0 என்பதும் O என்பதும் ஏமாற்றும்.

பிறகு பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்துக்குக் கொண்டுபோங்கள். பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். இயந்திரத்தில் வைத்துப் பார்க்கும் எக்ஸ்ரே சோதனை மேற்பரப்பைத்தான் படிக்கும். கனமாகத் தங்க முலாம் போட்டிருந்தால் அதை மட்டும் நம்ப முடியாது. சந்தேகம் தீராவிட்டால் சிறிது தங்கத்தை எடுத்து உருக்கிச் செய்யும் சோதனை உண்டு. ஹால்மார்க் நகையில் சொன்ன தரம் இல்லை என்று உறுதியானால், குறைந்த தரத்துக்கான விலை வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்குபவருக்குத் தர வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு பிஐஎஸ் விதிகள் சொல்கின்றன. புகாரை BIS Care செயலியிலேயே கொடுக்கலாம். ஆளே காணாமல் போயிருந்தால் இது தர விவகாரம் இல்லை, பண மோசடி. தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க அதுதான் வழி.

நான் விக்கதுக்காகப் போட்ட வளையல் படத்த வேற ஒருத்தன் எடுத்துப் போட்டு விக்கான். என்ன பண்ணலாம்?

மேலப்பாளையத்துப் பெண் ஒருவர் கேட்டது இது. அவர் முத்திரையைக் கிட்டத்தில் எடுத்து ஆறு இலக்கமும் தெரிய எல்லோரும் பார்க்கப் போட்டிருந்தார். நேர்மையாகச் செய்ததுதான், ஆனால் அந்தப் படம்தான் இரவல்காரர்களுக்கு வேண்டியது. முதலில் அந்தப் பதிவைப் பற்றி அந்தத் தளத்தில் புகார் கொடுங்கள். உங்கள் மூலக் கோப்பும் அதே நகையை இன்று எடுத்த வீடியோவும் உங்களுடையது என்பதற்குச் சாட்சி. யாராவது அந்த எண்ணை நம்பி ஏமாந்து உங்களைக் கேட்டால் காட்டுவதற்கும் அவை உதவும்.

இனிமேல் பொதுவில் போடும் படத்தில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள். எடுத்த பிறகு செயலியில் கறுப்புப் பட்டை போடுவதை விட விரல் நல்லது, ஏனென்றால் மூலப் படத்திலேயே எண் இருக்காது. உண்மையாக வாங்க வருகிறவருக்கு, அவர் சொல்லும் வார்த்தையைக் காகிதத்தில் எழுதி வைத்து, முழு எண்ணும் தெரிகிற வீடியோவைத் தனியாக அனுப்புங்கள்.